எட்டு மணி நேரம் என்ற பொய்

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஓர் அமைதி வரும். அரட்டை நின்று, ஒருவரும் டீக்கு எழுந்து போகாமல், எல்லோரும் ஒரே எக்செல் தாளைத் திறந்துவைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். திங்கட்கிழமை என்ன செய்தோம் என்று யோசிக்கிறார்களாம். ஐந்து நிமிடத்தில் யோசனை முடிந்துவிடும். திங்கள் 8.00, செவ்வாய் 8.00, புதன் 8.00. ஆறரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கோவையில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. அந்தத் தாள்களைத் திரட்டி மாதக் கடைசியில் அமெரிக்க வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் போடுவது என் வேலை. மணிக்கு 22 டாலர். யார் எந்த டாஸ்க்கில் எத்தனை மணி நேரம் என்று வரி வரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஒப்பந்த டெஸ்டர்கள் இரண்டு பேருக்கும் இதே தாளிலிருந்துதான் சம்பளக் கணக்கு போகும்.

நான்கு வருடம் இப்படித்தான் ஓடியது. அந்தத் தாள்கள் உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளருக்கும் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கே தெரிந்த பொய் பொய்யாகாது என்று மனதுக்குள் ஒரு சமாதானம். ஒரு நாள் வாடிக்கையாளரிடமிருந்து ஒற்றை வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘14ஆம் தேதி மதியம் ஒன்றரை வரை இணையம் இல்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள், அன்றைக்கு ஒரே டாஸ்க்கில் மூன்று பேருக்கும் 8.00 எப்படி வந்தது?’ இவ்வளவுதான் கேட்டிருந்தார். கோபமோ கிண்டலோ இல்லை. சாலை தோண்டியதில் ஃபைபர் அறுந்துபோனதை அவருக்கு எழுதியதும் நான்தான், அந்த மூன்று எட்டுகளையும் இன்வாய்ஸில் போட்டு அனுப்பியதும் நான்தான்.

அந்த ஒரு நாள்

இயக்குநர் சொன்ன வழி சுலபமானது. “பாதி நாள் கழிச்சு கிரெடிட் நோட் குடுத்துடுங்க, முடிஞ்சது.” அதாவது ஆளுக்கு நாலு மணி நேரம். ஒரு பொய்யை இன்னொரு உருண்டை எண்ணால் சரிசெய்வது எனக்கு ஒப்பவில்லை. வாடிக்கையாளர் திரும்பவும் ‘நாலு எப்படி?’ என்று கேட்டால் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அதனால் அன்றைய நாளைக் கிடைத்த தடயங்களிலிருந்து கட்டிப்பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கதவில் விரல் வைக்கும் வருகைப் பதிவு இருந்தது. டெவலப்பர்கள் இருவருக்கும் கிட் வரலாறு இருந்தது. எழுதிய கோடை அவ்வப்போது நேரத்தோடு சேமித்துவைக்கும் மென்பொருள் கிட், அப்படி ஒரு முறை சேமிப்பது ஒரு கமிட். கமிட் செய்ய இணையம் வேண்டியதில்லை, சர்வருக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆகவே இணையம் போயிருந்த காலை நேரத்தின் கமிட்டுகளும் அவரவர் கணினியில் எழுதிய நேரத்தோடு அப்படியே இருக்கும்.

```
git log --all --date=iso --pretty="%an  %ad  %s"
```

இதை வைத்து முழுக் கணக்கும் போட்டுவிட முடியாது. ஒரு வேலை எப்போது சேமிக்கப்பட்டது என்பதைத்தான் கமிட் சொல்லும். எப்போது தொடங்கியது, நடுவில் எத்தனை டீ என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆனாலும் ‘பதினோரு மணிக்கு இதைச் செய்துகொண்டிருந்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அது பொருந்துகிறதா என்று பார்க்க அது போதும். அதையும் வருகைப் பதிவையும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசினேன்.

முதல் டெவலப்பர் காலையில் இணையம் இல்லாமலே தன் கணினியில் கோட் எழுதியிருக்கிறார், கமிட்டுகள் சாட்சி. அவருடைய உண்மையான நேரம் 7 மணி 50 நிமிடம். 8.00 என்று போட்டது பெரிய குற்றமில்லை. இரண்டாமவருக்கு சர்வர் இல்லாமல் எதுவும் ஓடாது. மதியத்துக்கு மேல்தான் வேலை நடந்திருக்கிறது, சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிவிட்டார். 4 மணி 20 நிமிடம். அவர் பெயரில் மட்டும் 3 மணி 40 நிமிடம் கூடுதலாக பில் போட்டிருக்கிறோம்.

மூன்றாவது ஆள், ஒப்பந்தத்தில் இருந்த டெஸ்டர் பெண். சேர்ந்து ஏழு மாதம். கதவுப் பதிவில் உள்ளே 9:30, வெளியே இரவு 10:10. நான் இரண்டு முறை பார்த்தேன். காலையில் இரண்டு மணி நேரம் இன்னொரு வாடிக்கையாளருக்கான டெஸ்ட் கேஸ்களை எழுதியிருக்கிறாள், அதற்கு இணையம் தேவையில்லை. இன்னொரு இரண்டு மணி நேரம் சும்மா காத்திருந்திருக்கிறாள். ஒன்றரைக்கு இணையம் வந்தது, நாற்பது நிமிடம் சாப்பாடு. இரண்டு பத்திலிருந்து இரவு பத்துப் பத்து வரை, நடுவில் டீக்கும் டிபனுக்கும் போன அரை மணியைக் கழித்தால், இந்த டாஸ்க்கில் 7 மணி 30 நிமிடம். தாளில் அவளும் 8.00 என்றுதான் எழுதியிருந்தாள்.

“ஏம்மா, பதினொன்றரை மணி நேரம் வேலை பாத்துட்டு எதுக்கு எட்டுன்னு போட்ட?” என்று கேட்டேன். “எட்டுக்கு மேல போட்டா அந்தக் கட்டம் செகப்பா வருதுங்கக்கா. ஏதோ தப்பாட்டம் இருக்கும்னு எட்டே போட்டுட்டனுங்க” என்றாள்.

அந்தச் சிவப்பை வைத்தது நான். யாராவது தவறுதலாக 80 என்று அடித்துவிடக் கூடாதே என்று நான்கு வருடத்துக்கு முன் நானே எழுதிய விதி. அது ஏழு மாதமாக ஒரு பெண்ணிடம், உன் கூடுதல் உழைப்பு ஒரு பிழை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று ஒரு நாளில் மட்டும் அவளுக்கு மூன்றரை மணி நேரச் சம்பளம் போயிருக்கிறது. மற்ற நாட்களையும் கதவுப் பதிவோடு வைத்துப் பார்த்தபோது வந்த எண்ணை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. பாக்கியைக் கொடுத்துவிட்டோம்.

அதுவரை டைம்ஷீட் பொய் என்றால் அது நம் பக்கம் சாயும் பொய் என்றுதான் நினைத்திருந்தேன். மணி நேரத்தை ஊதிப் பெரிதாக்குவது, வாடிக்கையாளர் தலையில் கட்டுவது, அந்த மாதிரி. அந்த ஒரு நாளின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. முதல் வாடிக்கையாளருக்கு 24 மணி நேரம் பில் போட்டோம், உண்மை 19 மணி 40 நிமிடம், நாலு மணி இருபது நிமிடம் அதிகம். இரண்டாவது வாடிக்கையாளருக்குச் செய்த இரண்டு மணி நேரம் எங்கேயும் பதிவாகவே இல்லை, அது எங்கள் நஷ்டம். டெஸ்டருக்கு மூன்றரை மணி நேரம் குறைவு, அது அவள் நஷ்டம். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தாள் எட்டு கேட்டது, எல்லோரும் எட்டு கொடுத்தார்கள்.

கிரெடிட் நோட் 95 டாலர் 33 சென்ட்டுக்குப் போனது. எப்படி வந்தது என்று நபர்வாரியாக விவரமும் சேர்த்து அனுப்பினேன். “தொண்ணூத்தஞ்சு டாலருக்கு மூணு நாள் உக்காந்தீங்களா?” என்றார் இயக்குநர். ஆமாம், உட்கார்ந்தேன்.

ஒரு தாளில் இரண்டு கேள்விகள்

அப்புறம் நிதானமாக யோசித்தபோது, கோளாறின் வேர் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருப்பது தெரிந்தது. இந்த ஆளின் நேரத்தில் எவ்வளவு நமக்காகச் செலவானது என்று வாடிக்கையாளர் கேட்கிறார். இந்த ஆள் எவ்வளவு நேரத்தை நமக்குக் கொடுத்தார் என்பது சம்பளக் கணக்கின் கேள்வி. இரண்டும் ஒன்றில்லை. அந்தப் பெண் காத்திருந்த இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வரச்சொல்லி வந்து உட்கார்ந்திருக்கிறாள், அதற்குச் சம்பளம் கட்டாயம் உண்டு. ஆனால் கோவையில் யாரோ சாலை தோண்டியதற்கு அமெரிக்காவில் இருக்கிறவர் காசு கொடுக்க முடியாது. ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஓர் எண்ணை எழுதச் சொன்னால் இந்த இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் வேண்டும். எங்கள் தாளில் இரண்டுமே பொய்யாக இருந்தன.

அதனால் இப்போது சம்பளத்துக்குக் கதவுப் பதிவு, பில்லுக்கு டாஸ்க் பதிவு என்று பிரித்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வாரம் ஒரு முறை பார்க்கிறேன். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்கே தெரியாததால், எங்கள் டெவலப்பர் ஒருவரின் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். (அவருக்கு அது பெரிய தண்டனைதான். சாயங்காலம் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.) அலுவலகத்தில் இருந்தது 9 மணி 10 நிமிடம், சாப்பாட்டுக்கு 45 நிமிடம் போக 8 மணி 25 நிமிடம். அதில் முக்கியமான டாஸ்க் 2:50. இரண்டாவது டாஸ்க் 1:35. வாடிக்கையாளர் அழைப்பு 0:40. காலைக் கூட்டம் 0:25. இன்னொரு வாடிக்கையாளரின் சர்வர் படுத்துவிட்டது என்று ஓடியது 1:10. புதிதாக வந்த தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது 0:45. கூட்டினால் 7 மணி 25 நிமிடம். மீதி ஒரு மணி நேரம் எங்கே? அஞ்சல் பார்த்தது, டீ, ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போனபோது ‘எங்கே விட்டோம்’ என்று முழித்தது. அவர் கண்ணெதிரே இருந்தேன், ஏய்த்த மாதிரி ஒரு நிமிடம்கூடத் தெரியவில்லை. மனிதன் வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும்.

அன்று வியாழக்கிழமை. வேண்டுமென்றே அவரிடம் என் நோட்டைக் காட்டாமல், மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலத் தாளை நிரப்பச் சொன்னேன். முக்கியமான டாஸ்க் 6, இரண்டாவது டாஸ்க் 2 என்று எழுதினார். ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது! படுத்துப்போன சர்வர் அவர் நினைவிலேயே இல்லை. பெயர் ஞாபகம் இருக்கிற டாஸ்க் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. 2:50 ஆறு மணி நேரமாகிறது, இன்னொரு வாடிக்கையாளரின் 1:10 மறைந்துபோகிறது. வாரக் கடைசியில் நிரப்பும் தாளில் பெரிய டாஸ்க்குகள் எப்போதும் கொழுத்தும் சின்னவை எலும்பும் தோலுமாகவும் இருப்பதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

இப்போது எழுதும் விதி ஒன்றே ஒன்று. வேலை மாறும்போது எழுது, முடியாவிட்டால் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை. டைமர் மென்பொருள் முயன்றோம், இரண்டு வாரம் தாங்கவில்லை. தொடங்க மறப்பதைவிட நிறுத்த மறப்பதுதான் தொல்லை. ஒருவர் கணக்கில் பதினாலு மணி நேரம் ஓடியிருந்தது, அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பட எழுதிய குறிப்பே எங்களுக்குச் சரிப்பட்டது. கதவுக்கும் டாஸ்க்குக்கும் இடையே சாப்பாடு போக முக்கால் மணியிலிருந்து ஒன்றேகால் மணி வரை இடைவெளி இருந்தால் நான் வாயே திறப்பதில்லை. வாரம் முழுக்க இடைவெளி பூஜ்யமாக இருக்கிறவரிடம்தான் போய் உட்காருகிறேன்.

புள்ளியும் இரட்டைப் புள்ளியும்

இனிச் சொல்லப்போவது சில்லறை விஷயம்தான், ஆனால் காசு நிறைய ஒழுகுவது இங்கேதான். இரண்டு மணி ஐம்பது நிமிடத்தைப் பாதிப் பேர் 2.50 என்று எழுதுவார்கள். கணினிக்கு அது இரண்டரை மணி நேரம். சரியான எண் 2.83. இருபது நிமிடம் ஆவியாகிவிடும், யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒருவர் பத்தியில் புள்ளிக்குப் பின்னால் 60க்கு மேல் ஓர் எண்கூட மாதக்கணக்கில் வரவில்லை என்றால் அவர் நிமிடத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். சரியாக எழுதுகிறவருக்கு .67, .75, .83 எல்லாம் வந்தே தீரும்.

சரி, 2:50 என்றே எழுதச் சொல்லலாம் என்றால் எக்செல் வேறொரு வேலை காட்டும். அதற்கு நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். ஒரு வாரத்து நேரம் 41:20 வந்தால், 24 தாண்டியதை மடித்து 17:20 என்று காட்டும். அதை 22 டாலரால் பெருக்கினால் 909 டாலருக்குப் பதில் 37.89 வரும். நல்ல வேளை, இந்தத் தப்பு பெரிதாக இருப்பதால் கண்ணில் பட்டுவிடும். கூட்டல் கட்டத்துக்கு வடிவம் `[h]:mm` என்று கொடுத்து, காசுக் கணக்குக்கு முன் 24ஆல் பெருக்க வேண்டும்:

```
=ROUND(SUM(C2:C31)*24*22, 2)
```

அடுத்தது கால் மணிக்கு முழுமையாக்குவது. எங்கள் பழைய வழக்கம், ஒவ்வொரு வரியையும் அடுத்த கால் மணிக்கு மேலேற்றுவது. நோட்டில் எழுதிய அந்த ஆறு வரிகளையும் அப்படி ஏற்றிப் பார்த்தேன். 3:00, 1:45, 0:45, 0:30, 1:15, 0:45. கூட்டினால் அச்சு அசலாக 8:00! சிரிப்பு வந்துவிட்டது. 7:25 யாரையும் ஏமாற்றாமல், விதிப்படியே எட்டாகிவிட்டது. ஒரு நாளுக்கு 35 நிமிடம், இருபது நாளுக்கு 11 மணி 40 நிமிடம், ஒரு ஆளுக்கு. அதே வரிகளை அருகில் உள்ள கால் மணிக்கு, மேலோ கீழோ, கொண்டுபோனால் 7:30 வருகிறது. ஐந்து நிமிட வித்தியாசம், நாளடைவில் அதுவும் மேலும் கீழுமாகச் சமனாகும். அமெரிக்கத் தொழிலாளர் விதிகள் சம்பளக் கணக்கில் முழுமையாக்க அனுமதிப்பதும் ஏறக்குறைய இந்த அடிப்படையில்தான். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம், கால் மணி என்று எதற்கு வேண்டுமானாலும் அருகில் உள்ளதற்குக் கொண்டுபோகலாம், ஆனால் போகப்போகத் தொழிலாளியின் நேரம் குறைந்துவிடக் கூடாது. அங்கே வழக்கறிஞர்கள் ஆறு நிமிடக் கணக்கில் பில் போடுவது பழைய பழக்கம், ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு. நாங்கள் வரிகளை நிமிடமாகவே வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் டாஸ்க் கூட்டலை மட்டும் கால் மணிக்கு அருகில் கொண்டுபோகிறோம். வரி வரியாக முழுமையாக்குவதை அடியோடு விட்டுவிட்டோம்.

தேதியும் ஒரு தலைவலி. நவம்பர் 1 அதிகாலை இரண்டு மணிக்கு நம் ஆள் செய்த வேலை, நியூயார்க்கில் அக்டோபர் 31 சாயங்காலம் நாலரை. எந்த மாத இன்வாய்ஸ்? அந்த ஊரில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிவைத்ததும் ஒன்பதரை மணி வித்தியாசம் பத்தரையாகிவிடும். சம்பளத்துக்கு ஷிஃப்ட் தொடங்கிய இந்தியத் தேதி, பில்லுக்கு வாடிக்கையாளரின் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டபின் அந்தச் சண்டை ஓய்ந்தது. டாஸ்க்குகளையும் நேரத்தையும் ஜிரா என்ற மென்பொருளில் பதிகிறவர்களுக்கு இன்னொன்று. வெள்ளி வேலையைத் திங்கட்கிழமை பதிந்தால், தொடங்கிய தேதி தானாகத் திங்கள் என்றுதான் நிற்கும். மாற்ற மறந்தால் ஒரு மாதத்து வேலை அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும். இன்வாய்ஸ் போனபின் பழைய வரிகளில் யாரும் கைவைக்கக் கூடாது என்று பூட்டிவிடுகிறேன். தப்பிருந்தால் கழித்தல் குறியோடு இந்த மாதத்தில் ஒரு புது வரி, ஏன் என்று ஒரு வாக்கியம்.

சிவப்புக் கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ‘காத்திருப்பு’ என்று ஒரு பத்தி இருக்கிறது, சம்பளம் உண்டு, பில் இல்லை. முதல் மாதம் அதில் ஒருவரும் எழுதவில்லை, வெட்கம். டெஸ்டர் பெண்தான் முதலில் 0:50 என்று போட்டாள், காரணம் ‘பில்டு வரவில்லை’, அதாவது டெஸ்ட் செய்ய வேண்டிய புதுப் பதிப்பு சர்வரிலிருந்து இன்னும் தயாராகி வரவில்லை. அடுத்த மாதம் ஒன்பது பேர் அதே காரணத்தை எழுதினார்கள். பில்டு சர்வரை மாற்றச் சொல்லி இயக்குநரிடம் நான்கு வருடம் கெஞ்சியிருக்கிறேன். அந்தப் பத்தியின் கூட்டலைக் காட்டினேன், ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார்.

இன்னும் தீராத ஒன்று உண்டு. போன மாதம் ஒரு டெவலப்பர் வந்து, இரண்டு நாளாகப் பிடிபடாத ஒரு பிழைக்குக் காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி வரும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது விடை தோன்றியது, இருபது நிமிடம் மண்டைக்குள் அதைத்தான் ஓட்டிப் பார்த்தேன், அதை எழுதலாமா என்று கேட்டார். ஒப்பந்தத்தைப் புரட்டினேன், ஒன்றுமில்லை. கதவுப் பதிவில் அவர் இன்னும் வந்து சேரவே இல்லை. எழுதுங்கள், இடத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன். ‘0:20, பேருந்தில், யோசனை’ என்று அப்படியே இன்வாய்ஸில் போனது. வாடிக்கையாளர் அந்த மாதம் வேறு இரண்டு வரிகளைப் பற்றிக் கேட்டார், அதைப் பற்றிக் கேட்கவில்லை.